யீல்டு கர்வ் அலாரம் அடித்தது: 2053 பேப்பரை விற்றுவிடலாமா?

வாசகர் கடிதம்

*ஐயா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கம்பெனியின் பி.எஃப். டிரஸ்ட் கணக்கும் என் பொறுப்புதான். ஒரு டிரஸ்டி சொன்னதால் சில மாதங்களாக அரசு பாண்டுகளின் யீல்டை தினமும் எக்செல் ஷீட்டில் பதிகிறேன். 10 வருட யீல்டில் இருந்து 364 நாள் டி-பில் யீல்டைக் கழிப்பேன். வித்தியாசம் ஒரே நாளில் 10 பாயின்டுக்கு மேல் மாறினால் அந்தக் கட்டம் சிவப்பாகும். போன மாதம் 17-ம் தேதி, புதன்கிழமை, 102-ல் இருந்து 88 ஆகிவிட்டது. கர்வ் தட்டையாகிறது என்று எல்லாருக்கும் மெயில் போட்டேன். அந்த டிரஸ்டி, "அடுத்து தலைகீழாகும், அப்புறம் ரிசஷன்தான், நம்மிடம் இருக்கும் 7.30% GS 2053-ஐ உடனே விற்கலாம்" என்கிறார். இன்னொருவரோ, மார்க்கெட்டில் அன்று ஒன்றுமே நடக்கவில்லையே, எங்கிருந்து இதை எடுத்தாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என் கணக்கில் எங்கே தப்பு? பேப்பரை விற்கலாமா? வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டி டேட்டா டெர்மினல் வாங்கச் சொல்கிறார்கள், அது தேவையா? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.*

*— வாசகி, சென்னை*

பதில்

ஷீட்டை நிதானமாகப் பார்த்தேன். உங்கள் கழித்தல் சரி, தேதிகள் சரி, நீங்கள் பதிந்த ஒவ்வொரு எண்ணும் அந்தந்த இடத்தில் வெளியான எண்தான். அப்படியிருந்தும் அந்த 14 பாயின்டில் அன்றைக்கு உண்மையில் நடந்தது 3 பாயின்ட் மட்டுமே. மீதி 11 எங்கிருந்து வந்தது என்று முதலில் பிரித்துப் போடுகிறேன், ஏனென்றால் குறுகிய காலம் முதல் நீண்ட காலம் வரை அரசு பாண்டுகளின் யீல்டை வரிசையாக இணைக்கும் கோடான யீல்டு கர்வைக் கவனிக்கும் வேலையில் முக்கால்வாசி இதுதான். வடிவம் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், நேற்றும் இன்றும் ஒரே பொருளைத்தான் அளந்தோமா என்று பார்க்க வேண்டும். (உங்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் உருண்டையாக்கி இருக்கிறேன். பாயின்ட் என்று நாம் இரண்டு பேரும் சொல்வது சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு, அது மற்ற வாசகர்களுக்காக.)

அந்தப் புதன்கிழமை நடந்தது என்ன

செவ்வாய்க்கிழமை உங்கள் ஷீட்டில் 10 வருட யீல்டு 6.60, டி-பில் 5.58. வித்தியாசம் 102. புதன்கிழமை 10 வருடம் 6.53, டி-பில் 5.65. வித்தியாசம் 88.

முதலில் 10 வருடத்தை எடுப்போம். நீங்கள் எண்ணை எடுக்கும் இணையதளத்தில் "10 வருட பாண்டு" என்று ஒரே வரிதான் இருக்கிறது, ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் பேப்பர் அன்றைக்கு மாறிவிட்டது. 10 வருட யீல்டு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த நேரத்தில் மார்க்கெட் அதிகமாக வாங்கி விற்கும் ஒரு குறிப்பிட்ட பேப்பரின் யீல்டுதான். 2025 மே மாதத்தில் 6.33% GS 2035 புதிதாக வந்தது, அக்டோபரில் 6.48% GS 2035 வந்தது; புதுசு வந்து ஓரளவு புழங்க ஆரம்பித்ததும் பழையது பென்ச்மார்க் என்ற இடத்தை விட்டு இறங்கிவிடும். அந்த மாற்றத்தை எந்த நாளில் செய்வது என்பது ஒவ்வொரு தளத்தின் முடிவு. உங்கள் தளம் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தது.

புதிய பேப்பரின் முதிர்வு சில மாதம் தள்ளி இருப்பதால் அதன் யீல்டு ஒரு துளி அதிகமாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. எல்லா டீலர்களும் அதில்தான் கை வைக்கிறார்கள், நினைத்த நிமிடத்தில் வாங்கலாம் விற்கலாம், அந்த வசதிக்காகக் கொஞ்சம் விலை கூடக் கொடுக்கிறார்கள், அதனால் யீல்டு சில பாயின்ட் குறைவாக நிற்கும். உங்கள் தளத்தின் பட்டியலில் பழைய பேப்பரும் கீழே எங்கோ இருந்தது, தேடி எடுத்தேன்: புதன்கிழமை அது 6.58. அதாவது ஒரே பேப்பரை இரண்டு நாளும் பார்த்தால் இறங்கியது 2 பாயின்ட். மீதி 5 பாயின்ட் பேப்பர் மாறியதால் வந்தது. பிள்ளையின் உயரத்தை நேற்று செருப்போடு அளந்து இன்று வெறுங்காலோடு அளந்தால் குட்டையாகிவிட்டான் என்றுதான் வரும்.

இப்போது டி-பில், அதாவது அரசு ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரம். 91, 182, 364 நாள் பில்களை ரிசர்வ் வங்கி வாராவாரம் புதன்கிழமை ஏலம் விடுகிறது. நீங்கள் அந்த ஏலத்தின் கட்-ஆஃப் யீல்டை எடுத்து அடுத்த புதன் வரை அதையே நிரப்பிக்கொண்டே போகிறீர்கள். ஆக உங்கள் 10 வருடம் தினமும் நகர்கிறது, 1 வருடம் ஆறு நாள் அசையாமல் நின்று ஏழாவது நாள் ஒரேயடியாகக் குதிக்கிறது. அந்த வாரத்தில் கைமாறிய பில்கள் செவ்வாய்க்கிழமையே 5.64-க்கு வந்துவிட்டன, புதன்கிழமை 5.65. அன்றைய உண்மையான நகர்வு 1 பாயின்ட். வாரம் முழுவதும் சேர்ந்த 6 பாயின்ட் உங்கள் ஷீட்டில் ஒரே நாள் கணக்கில் விழுந்தது.

கூட்டிப் பாருங்கள்: பேப்பர் மாறியதால் 5, பழைய ஏல எண்ணால் 6, உண்மையில் 3. உங்களைக் கேள்வி கேட்ட டிரஸ்டி சொன்னது அந்த நாளைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அவர் சொன்னதும் முழு உண்மை இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு யீல்டும் ஒரே கணக்கு முறையில் இல்லை

ஷீட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது அன்றைய அலாரத்துக்குக் காரணம் இல்லை, ஆனால் என்றைக்காவது பெரிதாக மாட்டிவிடும். பாண்டுகளின் யீல்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும் கணக்கில் சொல்லப்படுகிறது. டி-பில் யீல்டு தனிவட்டிக் கணக்கு, 365 நாளுக்கு. இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது. பில் யீல்டை பாண்டு கணக்குக்குக் கொண்டுவர எக்செல்லில் இந்த ஒரு வரி போதும். B2-ல் யீல்டு, 5.65% என்று சதவீதக் குறியோடு; C2-ல் நாள்:

```
=2*((1+B2*C2/365)^(182.5/C2)-1)
```

364 நாள் பில் 5.65 என்றால் பாண்டு கணக்கில் அது சுமார் 5.57. ஆக உங்கள் 88 உண்மையில் 96-க்குப் பக்கம். இந்த 8 பாயின்ட் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் நாளுக்கு நாள் மாற்றத்தில் தெரியாது. ஆனால் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கும்போது, கர்வ் தலைகீழாவதற்கு முன்பே, அதாவது 1 வருட யீல்டு 10 வருடத்தைத் தாண்டுவதற்கு முன்பே, தலைகீழாகிவிட்டது என்று உங்கள் ஷீட் அறிவிக்கும். உங்கள் டிரஸ்டி காத்துக்கொண்டிருப்பதே அந்தச் செய்திக்குத்தான் என்பதால் சொல்கிறேன்.

குறுகிய கால பில்களில் இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 91 நாள் பில் 5.50, 364 நாள் பில் 5.60 என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்த்தால் 10 பாயின்ட் மேல்நோக்கிய சாய்வு. இரண்டையும் மேலே உள்ள வரியில் போட்டால் முதலாவது சுமார் 5.54, இரண்டாவது சுமார் 5.52. மேல்நோக்கித் தெரிந்தது உண்மையில் கிட்டத்தட்ட தட்டை, நூல் அளவுக்குக் கீழ்நோக்கி. பில்களை மட்டும் பார்த்து ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றப்போகிறது என்று ஆரூடம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சரி, அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்தது. ஆனால் ஒரு நாளில் இல்லை. முந்தைய புதனில் இருந்து இந்தப் புதன் வரை பழைய பேப்பரையே வைத்துப் பார்த்தால் 10 வருடம் 6.61-ல் இருந்து 6.58, அதாவது 3 பாயின்ட் இறக்கம். 1 வருடம் 5.58-ல் இருந்து 5.65, 7 பாயின்ட் ஏற்றம். ஒரு வாரத்தில் கர்வ் 10 பாயின்ட் தட்டையாகி இருக்கிறது, அதில் 7 பாயின்ட் 1 வருடம் இருக்கும் குட்டைப் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் "தட்டையானது" என்று மட்டும் மெயில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த முனை நகர்ந்தது என்று சொல்லாவிட்டால் அந்த வார்த்தைக்குப் பெறுமதியே கிடையாது. நீண்ட கால யீல்டு இறங்கிக் கர்வ் தட்டையானால் நீண்ட பாண்டு வைத்திருப்பவருக்கு விலை ஏற்றம், கொண்டாட்டம். குட்டைப் பக்கம் ஏறித் தட்டையானால் நீண்ட பாண்டுக்கு அதனால் நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஏறி, குட்டைப் பக்கம் அதிகமாக ஏறினால் அதற்கும் பெயர் தட்டையாவதுதான், அப்போது எல்லா பாண்டும் நஷ்டத்தில் நிற்கும். மூன்றுக்கும் உங்கள் ஷீட்டில் ஒரே சிவப்பு.

உங்கள் வாரத்தில் குட்டைப் பக்கம் ஏன் ஏறியது? தேதியைப் பாருங்கள். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும் மாதம், பதினைந்தாம் தேதி முடிந்த கையோடு, ஜி.எஸ்.டி. கட்டும் இருபதாம் தேதி அடுத்து வருகிறது. வங்கிகளில் இருந்து பணம் மொத்தமாக அரசின் கணக்குக்குப் போய்விடும், அரசு செலவு செய்தால்தான் திரும்பி வரும், அதுவரை ஒரு நாள் கடன் வட்டி ஏறும், அதோடு ஒட்டிய பில்களும் ஏறும். இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி, கால் மணி என்று சொல்லப்படும் அந்த ஒரு நாள் கடன் வட்டியின் சராசரியை ரெப்போவோடு ஒப்பிடுவது. ரிசர்வ் வங்கி தினமும் வெளியிடும் பணச்சந்தைக் குறிப்பில் அந்தச் சராசரி இருக்கும். சராசரி ரெப்போவைத் தாண்டி, வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடனுக்கான, ரெப்போவுக்கு 25 பாயின்ட் மேலே இருக்கும் எம்.எஸ்.எஃப். வட்டியை நோக்கிப் போனால் பணத் தட்டுப்பாடு. ரெப்போவுக்குக் கீழே இருந்தும் பில் யீல்டு ஏறினால் வேறு காரணம் தேட வேண்டும். உங்கள் வாரத்தில் முதலாவதுதான். மாதக் கடைசியில் பணம் திரும்பியதும் 1 வருடம் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிட்டதை உங்கள் ஷீட்டே காட்டுகிறது. நீங்கள் மெயில் அனுப்பிய பிறகு அந்தக் கட்டங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

தலைகீழானால் ரிசஷன் என்ற நம்பிக்கை பற்றி

உங்கள் டிரஸ்டியின் நம்பிக்கை அமெரிக்க வரலாற்றில் இருந்து வருவது. அங்கே பல பத்தாண்டுகளாக அது ஓரளவு பொருந்தி வந்திருக்கிறது. ஆனால் அங்கேயே 2022 ஜூலையில் 2 வருட யீல்டு 10 வருடத்தைத் தாண்டி, 2024 பிற்பகுதி வரை இரண்டு வருடத்துக்கு மேல் தலைகீழாகவே கிடந்தது. அந்தக் காலத்தில் ரிசஷன் என்று அதிகாரபூர்வமாக எதுவும் அறிவிக்கப்படவில்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. 2013 ஜூலை 15-ம் தேதி இரவு, ரூபாய் சரிந்துகொண்டிருந்தபோது, ரெப்போ 7.25-ல் இருக்கும்போதே ரிசர்வ் வங்கி எம்.எஸ்.எஃப். வட்டியை 10.25-க்குத் தூக்கியது. வங்கிகள் ரெப்போவில் வாங்கும் பணத்துக்கும் உச்சவரம்பு போட்டது. அடுத்த வாரங்களில் 91 நாள் பில் 11-ஐத் தாண்டியது, 10 வருடம் அதைவிட நன்றாகக் கீழே இருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம் போல அவ்வளவு சுத்தமான தலைகீழ் கர்வ். ஆனால் அது வளர்ச்சியைப் பற்றிய கணிப்பே இல்லை. ரூபாயைக் காப்பாற்றக் குட்டைப் பக்கத்தைக் கையால் பிடித்து மேலே தூக்கினார்கள், செப்டம்பரில் இருந்து படிப்படியாக எம்.எஸ்.எஃப். வட்டியை இறக்கியதும் கர்வும் நேரானது. அன்றைக்குத் தலைகீழ் கர்வைப் பார்த்து ரிசஷன் என்று முடிவு கட்டியிருந்தால் தப்பான காரணத்துக்காக முடிவு எடுத்திருப்போம்.

நீண்ட பக்கத்துக்கும் நம்மிடம் தனிக் காரணங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் இருந்து ரெப்போவை இறக்கிக்கொண்டே வந்து, ஜூன் 6-ம் தேதி ஒரேயடியாக 50 பாயின்ட் குறைத்து 5.50 ஆக்கினார்கள், வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்க விகிதமான சி.ஆர்.ஆர். குறைப்பும் சேர்த்து அறிவித்தார்கள். எல்லாரும் நீண்ட பாண்டு ஏறும் என்று எதிர்பார்த்தபோது, அதே அறிக்கையில் நிலைப்பாட்டையும் "நடுநிலை" என்று மாற்றிவிட்டதால் இனி குறைக்க அதிகம் இடமில்லை என்று மார்க்கெட் புரிந்துகொண்டது. குட்டைப் பக்கம் கீழேயே நின்றது, ஆகஸ்டில் 10 வருடம் 6.50-க்கு மேலே போய்விட்டது, 30, 40 வருடப் பேப்பர்கள் அதற்கும் மேலே. ரெப்போ இறங்கும் காலத்தில் நீண்ட யீல்டு ஏறியது. அந்த நீண்ட முனையில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பென்ஷன், பி.எஃப். பணமும்தான் முக்கியமாக வாங்குகிறவர்கள். அவர்கள் வாங்குவது குறைந்து அரசு விற்பது குறையாவிட்டால் யீல்டு ஏறித்தான் தீரும். அந்த செப்டம்பர் கடைசியில் வந்த அரையாண்டுக் கடன் அட்டவணையில் மிக நீண்ட பேப்பர்களின் பங்கை அரசு குறைத்ததற்கும் அதுதான் பின்னணி. ஆகவே 30-க்கும் 10-க்கும் நடுவில் இடைவெளி மாறினால் நான் முதலில் திறப்பது பொருளாதாரச் செய்திகளை இல்லை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும் அந்த அட்டவணையைத்தான்.

உங்கள் 2053 பேப்பர்

இதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை: உங்கள் அலாரம் அளந்தது 1 வருடத்துக்கும் 10 வருடத்துக்கும் நடுவில் உள்ள பகுதியை. நீங்கள் விற்க நினைப்பது அதற்கு வெளியே, 2053-ல் முதிர்வது. அந்தப் புதன்கிழமை நீண்ட முனை என்ன செய்தது என்பதே ஷீட்டில் இல்லை. இல்லாத எண்ணை வைத்து விற்கும் முடிவு எடுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பேப்பரின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் யீல்டு 10 பாயின்ட் ஏறினால் 100 ரூபாய் முகமதிப்புக்கு விலை சுமார் 1 ரூபாய் 20 பைசா இறங்கும், 10 வருடப் பேப்பர் அதே 10 பாயின்டுக்கு 70 பைசா சுமாருக்குத்தான் இறங்கும். ஆக நீண்ட முனை ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் டிரஸ்டி பயப்படும் காரியம், அதாவது கர்வ் தலைகீழாகி ரிசஷன் வருவது, உண்மையிலேயே நடந்தால் அப்போது வட்டிகள் இறங்கும், நீண்ட பாண்டின் விலை ஏறும். அவர் சொல்லும் கதையை அப்படியே நம்பினாலும் அந்தக் கதையில் 2053-ஐ விற்பது தப்பான பக்கம்.

பி.எஃப். டிரஸ்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. விலக்கு பெற்ற டிரஸ்ட் தன் உறுப்பினர்களுக்கு இ.பி.எஃப்.ஓ. அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும், 2024-25-க்கு அது 8.25 சதவீதம். பற்றாக்குறை வந்தால் கம்பெனிதான் போட்டுக் கொடுக்க வேண்டும். 7.30 கூப்பன் தரும் நீண்ட பேப்பரை விற்று வரும் பணத்தை எங்கே போடுவீர்கள்? பில்லில் போட்டால் ஐந்தரை சுமாருக்கு. முதிர்வு வரை வைத்திருப்பதாக வாங்கிய பேப்பர் என்றால் இடையில் விலை ஆடுவது உங்களை அவ்வளவாகத் தொடாது, வரும் வட்டியை எந்த வட்டிக்குத் திரும்பப் போடுகிறீர்கள் என்பதுதான் தொடும். உறுப்பினர்கள் பெருமளவில் ஓய்வு பெற்று அடுத்த சில வருடங்களில் பணம் எடுக்கப் போகிறார்கள் என்றால் விற்பதைப் பற்றிப் பேசலாம். அது கர்வைப் பார்த்து எடுக்கும் முடிவு இல்லை, உங்கள் உறுப்பினர் பட்டியலில் வயதைப் பார்த்து எடுக்கும் முடிவு. இந்தக் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், விற்க ஒரு காரணமும் தெரியவில்லை. முதலீட்டு முறையில் ஏதாவது மாற்ற நினைத்தால் அரசு விதித்திருக்கும் பங்கீடு உடைகிறதா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஷீட்டை எப்படி மாற்றுவது

நிறைய மாற்ற வேண்டாம். 1, 10, 30 வருடம் என்று மூன்று புள்ளிகள் வையுங்கள், 10-க்கும் 1-க்கும் ஒரு வித்தியாசம், 30-க்கும் 10-க்கும் ஒரு வித்தியாசம். என்னைக் கேட்டால் உங்கள் டிரஸ்டுக்கு இரண்டாவதுதான் முக்கியம், புதிதாக வரும் சந்தாவை எந்த முதிர்வில் போடுவது என்ற கேள்விக்கு அதுதான் ஏதாவது சொல்லும்.

எண்ணை, சந்தையின் அடிப்படை வட்டி எண்களைக் கணக்கிடும் அமைப்பான எஃப்பிஐஎல் மாலையில் வெளியிடும் பார் யீல்டு கர்வில் இருந்து எடுத்தால் 10 வருடம் என்பது எப்போதும் சரியாக 10 வருடம், ஒரு பேப்பரை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிற சிக்கல் பெருமளவு போய்விடும். எடுக்கும் எண் ஆறு மாதக் கணக்கா, வருடக் கணக்கா என்று தலைப்பைப் பார்த்து ஒரு முறை தேர்ந்தெடுத்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள். பில்களுக்கும் ஏல எண்ணை விட்டுவிட்டு தினசரி எண்ணுக்கு வாருங்கள். தனிப் பேப்பரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பேப்பரின் முழுப் பெயருக்கு ஒரு பத்தி சேருங்கள். நேற்றைய பெயரும் இன்றைய பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்புக்குப் பதில் மஞ்சள் விழட்டும், அன்றைக்குப் பழைய பேப்பரின் யீல்டையும் எடுத்துக் கழியுங்கள்.

நீண்ட பேப்பர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அரசு பாண்டுகள் மின்னணு முறையில் கைமாறும் என்டிஎஸ்-ஓஎம் சந்தையில் வழக்கமான லாட் 5 கோடி ரூபாய். அதற்குக் குறைவாக நடக்கும் சில்லறை வியாபாரத்துக்குத் தனிப் பகுதி, அங்கே ஒரு சின்னத் தொகை எந்த விலையிலும் கைமாறலாம். ஒரு நாளில் இரண்டே வியாபாரம் நடந்த 2053 பேப்பர் 6 பாயின்ட் தாவியிருந்தால், பக்கத்தில் முதிரும் 30 வருடப் பேப்பர்களும் அதே பக்கம் நகர்ந்தனவா என்று பாருங்கள். அது மட்டும் தனியாகத் தாவியிருந்தால் அதைச் செய்தியாக எடுக்காதீர்கள்.

எத்தனை பாயின்டுக்கு அலாரம்? நீங்கள் வைத்த 10 யாரோ சொன்ன உருண்டை எண் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மாற்றத்தை விட்டுவிட்டு ஐந்து வேலை நாள் மாற்றத்தைப் பாருங்கள். போன ஒரு வருடத்துக்கு அதைக் கணக்கிட்டு, ஏற்றம் இறக்கம் பாராமல் அளவை மட்டும் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்குங்கள், மேலே இருக்கும் இருபதில் ஒரு பங்கு எங்கே தொடங்குகிறதோ அதுவே உங்கள் எல்லை. அமைதியான வருடத்தில் அது சிறியதாகவும் கலவரமான வருடத்தில் பெரியதாகவும் தானாக மாறிக்கொள்ளும். இரண்டு வித்தியாசத்துக்கும் தனித்தனி எல்லை வையுங்கள், ஏனென்றால் குட்டைப் பக்கம் ஆடும் அளவும் நீண்ட பக்கம் ஆடும் அளவும் ஒன்று இல்லை. எல்லையைத் தாண்டியதும் உடனே மெயில் வேண்டாம், அடுத்த நாளும் தாண்டியே நின்றால் அனுப்பலாம். பி.எஃப். டிரஸ்டுக்கு ஒரு நாள் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

மெயிலில் மூன்று விஷயம் போதும். உங்கள் வாரத்தையே எடுத்துக்கொண்டால் இப்படி எழுதியிருக்கலாம்: "ஐந்து நாளில் 10-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி 10 பாயின்ட் குறைந்தது. அதில் 7 பாயின்ட் 1 வருட யீல்டு ஏறியதால். அட்வான்ஸ் டாக்ஸ் வாரம், வங்கிகளின் ஒரு நாள் கடன் வட்டி ரெப்போவுக்கு மேல். நம் பேப்பர்கள் இருக்கும் 30 வருடப் பகுதி தனியாகப் பார்க்கப்பட்டது, எல்லையைத் தாண்டவில்லை." கடைசி வாக்கியத்தை எழுத நீங்கள் 30 வருடப் புள்ளியைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விற்கலாம், வாங்கலாம் என்ற சொல்லை அந்த மெயிலில் சேர்க்காதீர்கள். அது டிரஸ்டிகள் கூட்டத்தில் பேசித் தீர்மானத்தில் எழுத வேண்டியது, நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியது இல்லை.

டெர்மினலைப் பொறுத்தவரை, ஒரு நாளில் பத்து முறை வாங்கி விற்கும் டீலருக்கு அது தேவை. உங்கள் டிரஸ்ட் மாதம் ஒருமுறை சந்தா வந்ததும் வாங்குகிறது, விற்பதே அபூர்வம். என்டிஎஸ்-ஓஎம் வியாபார விவரங்கள், அந்த வியாபாரங்களுக்குக் கணக்குத் தீர்க்கும் நிறுவனமான சிசிஐஎல் இணையதளத்திலேயே தெரிகின்றன, ஏல முடிவுகளும் கடன் அட்டவணையும் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் கட்டி வாங்கும் டெர்மினலிலும் "10 வருடம்" என்ற வரிக்குப் பின்னால் பேப்பர் மாறத்தான் செய்யும். வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், கேட்டால் மேலே உள்ள 5, 6, 3 கணக்கை அப்படியே ஒட்டுங்கள்.